என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் படிப்பது எப்படி: வட்டி, மாற்று விலை, திருப்பி அனுப்பும் எல்லை

கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ஊரில் வைத்திருக்கும் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு வேலைதான் என் மேசைக்குப் பெரும்பாலும் வரும். ஸ்டேட்மென்ட்டை நீட்டி, "அண்ணே, பேலன்ஸ் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்பார்கள். பேலன்ஸ் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அதுவல்ல, ஒவ்வொரு வரவும் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். ஒரு ரூபாய்க்கு வட்டியில் வரி உண்டா, அது மறுபடி வெளிநாடு போகுமா என்பதெல்லாம் அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரவுகளின் பின்னாலேயே போகும்.

## 1. உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

பாஸ்புக் போதாது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான முழு நிதியாண்டு ஸ்டேட்மென்ட்டை பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளுங்கள். வரியும் அனுப்பும் எல்லையும் நிதியாண்டுக் கணக்கில்தான் ஓடுகின்றன. ஜனவரி முதல் டிசம்பர் வரை எடுத்து வந்தால் பாதி வேலை வீண்.

ஒரே ஆளுக்கு எத்தனை வங்கியில் கணக்கு இருந்தாலும் எல்லாவற்றையும் எடுங்கள். பழைய சாதாரண சேமிப்புக் கணக்கு ஏதாவது ஊரில் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். பத்தில் நாலு பேருக்காவது கிடக்கும். வேலைக்காக வெளிநாடு போனதும் அதை உள்ளூர் வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. ஆக மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் விட்டிருந்தால் முதலில் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்த படி. மாறாத கணக்கிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கேட்டால் வங்கி அங்கேயே நிறுத்திவிடும்.

இவற்றோடு பான் எண், அதே ஆண்டில் அவர் பேரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26AS, வெளிநாட்டுப் பணம் வந்த ஒவ்வொரு தடவைக்கும் வங்கி கொடுத்த வரவுச் சீட்டு. வங்கியில் இந்தச் சீட்டை எஃப்.ஐ.ஆர்.சி. என்றோ எஃப்.ஐ.ஆர்.ஏ. என்றோ சொல்வார்கள். பணம் வந்த வாரத்தில் கேட்டால் உடனே கிடைக்கும். நாலு வருஷம் கழித்துப் போனால் எழுத்தர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

## 2. எந்தக் கணக்கு என்பதை முதல் பக்கத்தில் உறுதி செய்யுங்கள்

ஸ்டேட்மென்ட்டின் தலைப்பகுதியில் கணக்கு வகை என்ற இடத்தில் NRE அல்லது NRO என்று இருக்கும். இரண்டும் ரூபாய்க் கணக்குகள்தான். கணக்கு எண்களும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் கைமாறிப் போவது சகஜம்.

என்.ஆர்.இ. என்பது வெளிநாட்டில் சம்பாதித்து அங்கிருந்து வந்த பணத்துக்கானது. இதன் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. அசலும் வட்டியும் எவ்வளவு வேண்டுமானாலும் திரும்ப வெளியே போகலாம்.

என்.ஆர்.ஓ. என்பது இங்கேயே விளைந்த பணத்துக்கானது. குத்தகை, வாடகை, ஓய்வூதியம், நிலம் விற்ற பணம் எல்லாம் இதில்தான் சேர வேண்டும். இதன் வட்டிக்கு வரி உண்டு, வெளியே அனுப்ப எல்லையும் உண்டு.

நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இது. சம்பா அறுவடை முடிந்து குத்தகைக்காரர் பணத்தோடு வருவார். வீட்டில் இருக்கும் அப்பாவோ மாமாவோ கையில் கிடைத்த செக் புத்தகத்தைப் பார்த்து அந்த எண்ணையே சொல்லிவிடுவார். அது என்.ஆர்.இ. எண்ணாக இருக்கும். உள்ளூர் ரொக்கத்தை என்.ஆர்.இ.யில் போட முடியாது. கவுன்டரில் கொண்டுபோனால் திருப்பிவிடுவார்கள். போன் மூலம் அனுப்பினால் சில சமயம் உடனே திரும்பும், சில சமயம் உள்ளே போய்ப் பிறகு கேள்வி வரும். அந்த வரவை ஸ்டேட்மென்ட்டில் பார்த்தால் அப்படியே விடாமல் வங்கிக்கு எழுதி என்.ஆர்.ஓ.வுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. என்.ஆர்.இ.யிலிருந்து அப்பா கணக்குக்கு வீடு கட்ட 5 லட்சம் அனுப்புகிறார்கள். வேலை தள்ளிப்போகிறது, அப்பா நல்ல எண்ணத்தில் 3 லட்சத்தைத் திருப்பி அனுப்புகிறார். அந்த 3 லட்சம் இப்போது உள்ளூர்ப் பணம். மறுபடி நேராக என்.ஆர்.இ.க்குள் போக வழியில்லை, என்.ஆர்.ஓ.வில்தான் இறங்கும். தன் என்.ஆர்.இ.யிலிருந்து தன் என்.ஆர்.ஓ.வுக்கே மாற்றினாலும் கதை இதுதான். அந்தப் பக்கம் போனபின் என்.ஆர்.ஓ. விதிகள் ஒட்டிக்கொள்ளும். தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் அந்தக் கதவைத் தாண்ட விடாதீர்கள்.

## 3. வெளிநாட்டு வரவை மூன்று துண்டாகப் பிரித்துப் பாருங்கள்

அபுதாபியில் வேலை பார்க்கும், பாபநாசம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை.

அவர் அங்குள்ள வங்கியிலிருந்து 10,000 திர்ஹாம் அனுப்புகிறார். அன்று போனில் பார்த்த விலை ஒரு திர்ஹாமுக்கு 24.50 ரூபாய். ஆகவே 2,45,000 வரும் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டார். மே 12 அன்று என்.ஆர்.இ. ஸ்டேட்மென்ட்டில் வரவு 2,40,790. அதற்குக் கீழேயே 307 ரூபாய் பற்று. "4,500 ரூபாய் எங்கே போச்சு?" என்று அவர் கேட்டார். போன இடத்தைக் காட்டலாம்.

முதல் துண்டு, வழியில் கழிந்தது. பணம் நேராக வராது. இடையில் ஒரு வங்கி கைமாற்றும், அது தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். வரவுச் சீட்டில் வந்து சேர்ந்த தொகை 9,950 திர்ஹாம் என்று இருந்தது. 50 திர்ஹாம் போச்சு, அதாவது 1,225 ரூபாய். அனுப்பும்போது கட்டணம் யாருடையது என்று ஒரு கட்டம் கேட்கும். OUR என்று குறித்தால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவர் தலையில், தொகை குறையாமல் வரும். SHA என்றால் இடைவழிக் கட்டணம் தொகையிலிருந்தே கழியும். பெரும்பாலோர் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை.

இரண்டாம் துண்டு, மாற்று விலை. போனில் தெரிவது சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது. நம் கணக்குக்கு வங்கி போடுவது, வெளியிலிருந்து வரும் பணத்தை அது வாங்கும் விலையான டி.டி. பையிங் ரேட். அதில் வங்கியின் லாபம் சேர்ந்தே இருக்கும். இங்கே 24.20. ஒரு திர்ஹாமுக்கு 30 காசு வீதம் 9,950 திர்ஹாமுக்கு 2,985 ரூபாய். மூன்று துண்டிலும் பெரியது இதுதான். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் எங்குமே கட்டணம் என்று தெரியாது. வந்த ரூபாயை வந்த திர்ஹாமால் வகுத்துப் பார்த்தால்தான் பிடிபடும்: 2,40,790 ÷ 9,950 = 24.20. இந்த ஒரு வகுத்தலை ஒவ்வொரு வரவுக்கும் போட்டு ஓரத்தில் எழுதுங்கள். எந்த வழி மலிவு என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாம் துண்டு, ஜி.எஸ்.டி. வங்கி பணத்தை மாற்றிக் கொடுத்த சேவைக்கு வரி. முழுத் தொகைக்கு 18 சதவீதம் என்று பயப்பட வேண்டாம். முதல் ஒரு லட்சத்துக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 10 லட்சம் வரை அரை சதவீதம் என்று சேவையின் மதிப்பை முதலில் கணக்கிடுவார்கள். இங்கே 1,000 கூட்டல் 1,40,790-ல் அரை சதவீதமான 704, மொத்தம் 1,704. அதில் 18 சதவீதம் 307.

மூன்றையும் கூட்டினால் 4,517. அவர் கேட்ட 4,500 வந்துவிட்டது.

அங்குள்ள எக்ஸ்சேஞ்ச் கடையில் கட்டினால் பல சமயம் கடையிலேயே ரூபாயாக மாற்றி அனுப்புவார்கள். அப்போது இங்கே ஜி.எஸ்.டி. வரி இருக்காது, ரூபாய்த் தொகை ரசீதில் உள்ளபடியே வரும். விலையில் உள்ள லாபம் கடைக்காரருடையது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ரசீதும் வரவுக்கான சாட்சிதான், பத்திரமாக வையுங்கள்.

## 4. வட்டி வரவைச் சரிபாருங்கள்

வட்டி ஒவ்வொரு நாளும் இரவு மிஞ்சும் இருப்புக்குத்தான். 2010 ஏப்ரல் முதல் அப்படி. அதற்கு முன் 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையிலான குறைந்த இருப்புக்கு வட்டி போட்டார்கள். ஊரில் பெரியவர்கள் இன்னும் "பத்தாம் தேதிக்குள்ளே போடு" என்பது அந்தப் பழக்கம்.

நம் ஆளின் கணக்கையே பார்ப்போம். ஏப்ரல் 1 அன்று இருப்பு 1,20,000. மே 12 அன்று திர்ஹாம் வந்து, ஜி.எஸ்.டி. போக 3,60,483 ஆனது. ஜூன் 10 அன்று வீட்டு வேலைக்கு 2 லட்சம் எடுத்தார், மீதி 1,60,483. வட்டி விகிதம் ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று வையுங்கள்.

1,20,000 இருந்தது 41 நாள். 3,60,483 இருந்தது 29 நாள். 1,60,483 இருந்தது 21 நாள். மொத்தம் 91 நாள், அதாவது காலாண்டு முழுசு. ஒவ்வொரு இருப்பையும் அதன் நாளால் பெருக்கிக் கூட்டினால் 1,87,44,150 வருகிறது.

```
18744150 × 2.5 ÷ 100 ÷ 365 = 1283.85
```

ஜூன் 30ஐ ஒட்டி வட்டி வரவு 1,284 இருக்க வேண்டும். சில வங்கிகள் காலாண்டின் கடைசி நாளில் போடும், சில ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போடும். தேதி பிந்தியதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். வரவின் விவரத்தில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று இருக்கும், அதைப் பாருங்கள்.

மே மாத இருப்பான 3,60,483ஐ மட்டும் பார்த்து, 2.5 சதவீதத்தை நாலால் வகுத்து, 2,253 வர வேண்டும் என்று ஒருவர் வாதாடினார். இன்னொருவர் கடைசி இருப்பை வைத்துக் கணக்குப் போட்டு, வங்கி கூடுதலாகக் கொடுத்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டார். நாள் கணக்கு போடாமல் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல முடியாது.

நாள் எண்ணும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டேட்மென்ட்டில் இரண்டு தேதிப் பத்திகள் இருந்தால் ஒன்று பதிவான நாள், இன்னொன்று மதிப்பு நாள். வட்டி மதிப்பு நாளிலிருந்து. சனிக்கிழமை வந்து திங்கள்கிழமை பதிவான வரவில் ஒன்றிரண்டு நாள் வித்தியாசம் வருவது இதனால்தான்.

இதே 1,284 என்.ஆர்.ஓ.வில் வந்திருந்தால் கீழேயே டி.டி.எஸ். என்று 401 பற்று இருக்கும். 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். உள்ளூர்க்காரர்களுக்கு இருப்பதுபோல் இத்தனை ரூபாய் வட்டி வரை பிடித்தம் இல்லை என்ற சலுகை இங்கே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள்.

வசிக்கும் நாட்டோடு இந்தியாவுக்கு வரி ஒப்பந்தம் இருந்தால் இதைக் குறைக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வட்டியில் 12.5 சதவீதம். அந்த நாட்டின் வரி வதிவிடச் சான்றிதழும் 10F என்று வழங்கும் படிவமும் ஒவ்வொரு ஆண்டும் வங்கிக்குக் கொடுக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். பிடித்து முடித்ததை வங்கி திருப்பித் தராது, இங்கே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் வாங்க வேண்டும்.

பிடித்த ஒவ்வொரு டி.டி.எஸ். வரியையும் 26ASல் தேடுங்கள். ஸ்டேட்மென்ட்டில் இருந்து அங்கே இல்லையென்றால் பெரும்பாலும் பான் எண் கணக்கில் ஏறவில்லை. அடுத்த படிக்குப் போகும் முன் இதைச் சரி செய்தாக வேண்டும், ஏனென்றால் ஆடிட்டர் சான்றிதழ் கொடுக்கும்போது முதலில் திறப்பதே இந்தப் பக்கத்தைத்தான்.

## 5. திருப்பி அனுப்பும் எல்லையைக் கணக்கிடுங்கள்

என்.ஆர்.இ.க்கு எல்லை இல்லை, இணையத்திலேயோ கிளையிலேயோ எழுதிக்கொடுத்தால் போதும். ஆகவே என்.ஆர்.ஓ.வைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர். இது ஒரு ஆளுக்கு, எல்லா வங்கியின் என்.ஆர்.ஓ. கணக்கும் சேர்த்து. வங்கிக்கு வங்கி தனித்தனி என்று நினைக்க வேண்டாம். என்.ஆர்.ஓ.விலிருந்து தன் என்.ஆர்.இ.க்கு மாற்றுவதும் இந்த எல்லைக்குள்தான் வரும். 2012 முதல் அந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு. வாடகை, குத்தகை, ஓய்வூதியம், வட்டி போன்ற நடப்பு வருமானம் வரி போக இந்த எல்லையில் சேராது.

டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 10 லட்சம் டாலர் 9 கோடி ரூபாய். அந்த எல்லையைத் தொட்டவர் யாரும் என் மேசைக்கு வந்ததில்லை. ஒரு காகிதம் இல்லாமல் திரும்பியவர்கள் நிறைய. டெல்டாக்காரர்களுக்கு எல்லை டாலரில் இல்லை, ஃபைலில்தான் இருக்கிறது.

ஒருவர் அப்பாவிடமிருந்து வந்த நஞ்சையை 42 லட்சத்துக்கு விற்று என்.ஆர்.ஓ.வில் போட்டார். 90 ரூபாய்க் கணக்கில் சுமார் 46,700 டாலர், எல்லையில் 5 சதவீதம்கூட இல்லை. ஆனால் ஸ்டேட்மென்ட்டில் அந்த வரவு நாலு துண்டாக இருந்தது, அதில் ஒன்று ரொக்கம். கிரயப் பத்திரத்தில் ரொக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த 6 லட்சத்துக்கு மூலம் காட்ட முடியாமல் 36 லட்சத்தோடு நிறுத்த வேண்டியதாயிற்று. பத்திரத்தில் உள்ள தொகையும் ஸ்டேட்மென்ட் வரவும் வரிக்கு வரி பொருந்த வேண்டும் என்று விற்பதற்கு முன்பே சொல்ல ஒரு ஆள் இல்லை, அதுதான் என் வருத்தம்.

நிலம் விற்றவர் எடுத்து வைக்க வேண்டியவை: கிரயப் பத்திர நகல், அப்பா பேரில் இருந்த மூலப் பத்திரம் அல்லது பட்டா, வாரிசுச் சான்றிதழ், விற்ற ஆண்டின் சிட்டா அடங்கல். விவசாய நிலத்தை வெளிநாடுவாழ் இந்தியர் வாங்க முடியாது, பூர்வீகமாக வந்ததை இங்கே வசிப்பவருக்குத்தான் விற்கலாம். அதனால் நிலம் எப்படி வந்தது என்பதை வங்கி கட்டாயம் கேட்கும்.

வரி விஷயத்தில் தூரம் முக்கியம். கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர் தாண்டியிருக்க வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள ஊர் என்றால் 6 கிலோமீட்டர். மன்னார்குடி பக்கம் 2, கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் 6. வண்டி மீட்டரில் பார்க்காதீர்கள், அளப்பது நேர்கோட்டில். சாலையில் 7 கிலோமீட்டர் சுற்றி வரும் வயல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் 5 கிலோமீட்டரில் இருக்கும், வரி வந்துவிடும்.

## 6. படிவங்களின் வரிசையை மாற்றாதீர்கள்

வங்கி கேட்பது மூன்று: ஆடிட்டர் சான்றிதழான 15CB, அனுப்புகிறவரின் உறுதிமொழியான 15CA, வங்கியின் சொந்த விண்ணப்பம். இந்தப் பெயர்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் பழகியவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் போர்ட்டலில் எந்த எண் தெரிந்தாலும் வேலை இதுவே.

முதலில் கணக்கு வைத்திருப்பவர் வருமான வரிப் போர்ட்டலில் தன் ஆடிட்டரைச் சேர்க்க வேண்டும். பிறகு ஆடிட்டர் 15CB ஏற்றுவார். அதைக் கணக்கு வைத்திருப்பவர் ஏற்றுக்கொண்டபின்தான் 15CA. அவசரத்தில் 15CAஐ முதலில் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. சான்றிதழ் எண் கேட்கும் இடத்தில் எதுவும் இருக்காது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வரி விதிக்கத்தக்க தொகை நிதியாண்டில் 5 லட்சத்துக்குள் என்றால் 15CB தேவைப்படாத பகுதி ஒன்று 15CAயில் இருக்கிறது, ஆனாலும் கிளையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுப்புகிறவர், பெறுகிறவர் என்ற இரண்டு கட்டங்களைப் பார்த்ததும் பலர் தடுமாறுவார்கள். தன் என்.ஆர்.ஓ.விலிருந்து தன் வெளிநாட்டுக் கணக்குக்கு என்றால் இரண்டிலும் அதே ஆள்தான். ஊரில் கையெழுத்துப் போடும் அப்பாவின் பெயரை அனுப்புகிறவர் இடத்தில் எழுதி, அவருடைய பானையும் போட்டு வந்த ஃபைல்களை நான் கிழித்துப் போட்டிருக்கிறேன். அப்பாவிடம் பவர் பத்திரம் இருந்தாலும் பணம் போவது கணக்கு வைத்திருப்பவருக்கே, வேறு ஆளுக்குப் போகாது.

பணம் போனதும் என்.ஆர்.ஓ. ஸ்டேட்மென்ட்டில் மூன்று பற்று தெரியும்: அனுப்பிய தொகை, வங்கிக் கட்டணம், மாற்றியதற்கான ஜி.எஸ்.டி. இந்தத் தடவை விலை டி.டி. செல்லிங் ரேட், அதனால் மூன்றாம் படியில் போட்ட அதே வகுத்தல் மறுபக்கமாக வரும். எத்தனை டாலர் போனது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, அந்த நிதியாண்டில் இதுவரை போன மொத்தத்தையும் பக்கத்தில் குறியுங்கள். அடுத்த தடவை வேறு வங்கியில் போய் உட்கார்ந்தால் அவர்கள் எழுதி வாங்கும் உறுதிமொழியில் இந்த எண்ணைத்தான் நிரப்ப வேண்டும். ஏப்ரல் 1 வந்ததும் புதுப் பக்கம் திருப்புங்கள்.